டீசல் சுழற்சிக்கு எந்தப் படம்? பி-வி, டி-எஸ், பெட்டிப் படம்: ஒரு ஒப்பீடு

வீரவநல்லூரிலிருந்து ஒரு தம்பி போன வாரம் வந்திருந்தான். டிப்ளமோ மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு. தெர்மோ வகுப்பில் டீசல் சுழற்சி நடத்தி முடித்திருக்கிறார்கள். நோட்டில் ஏழு பக்கம் எழுதியிருந்தான்.

"அண்ணாச்சி, சார் சொன்னது ஒரு வரி விடாம எழுதிட்டேன். ஆனா எந்தக் கட்டத்துல வேலை, எந்தக் கட்டத்துல வெப்பம்னு கேட்டா முழிக்கேன். படமாப் போட்டு வச்சுக்கிடலாம்னு பாத்தா, பி-வி போடணுமா டி-எஸ் போடணுமான்னு அதுலயே குழப்பம்."

இதே கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய. அதனால் ஒரே கணக்கை எடுத்து மூன்று விதமான படங்களிலும் போட்டுப் பார்க்கலாம். எது எதைக் காட்டுகிறது, எது எதை மறைக்கிறது என்பது அப்போதுதான் தெளிவாகும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில், ஒவ்வொரு கட்டத்திலும் வேலை எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே எழுதியிருக்க வேண்டும். வெற்றிடமாக விட்டால் "மறந்துவிட்டேனா, இல்லை பூஜ்யமா" என்று பரீட்சைக்கு முந்தின நாள் குழம்ப வேண்டிவரும்.

இரண்டாவது, நான் தப்பு செய்தால் படமே அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் விட எனக்கு இதுதான் முக்கியம். அழகான படம் தப்பான எண்ணைத் தாங்கி நின்றால், அந்த எண் அப்படியே மனதில் பதிந்துவிடும்.

மூன்றாவது, படம் போடக் கூடுதலாக எவ்வளவு கணக்கு போட வேண்டியிருக்கிறது. நான்காவது, டீசலுக்குப் பழகிய முறை அடுத்து வரும் நீராவிச் சுழற்சிக்கும் கை கொடுக்குமா.

## எடுத்துக்கொண்ட கணக்கு

தம்பியின் நோட்டில் இருந்த கணக்கு இது. உள்ளே இருப்பது காற்று, 1 கிலோ. தொடக்கத்தில் 100 கிலோபாஸ்கல், 300 கெல்வின். அமுக்க விகிதம் 18. கட்-ஆஃப் விகிதம் 2, அதாவது எரிபொருள் எரிந்து முடிவதற்குள் கன அளவு இரண்டு மடங்காகிறது. காற்றுக்கு cp = 1.005, cv = 0.718, γ = 1.4.

படம் எதுவாக இருந்தாலும், வகுப்பில் சொன்னதிலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே விஷயங்களைப் பொறுக்கி எடுத்தால் போதும். எது மாறாமல் இருக்கிறது என்பது ஒன்று. பிஸ்டன் நகர்கிறதா என்பது இன்னொன்று. அவன் நோட்டில் ஒரு வரி இருந்தது: "பிஸ்டன் வெளியே நகர நகர எரிபொருள் எரிகிறது, அழுத்தம் அப்படியே நிற்கிறது." இந்த ஒரு வரியிலேயே இரண்டுக்கும் பதில் இருக்கிறது. அழுத்தம் மாறவில்லை, பிஸ்டன் நகர்கிறது. பிஸ்டன் நகர்ந்தால் வேலை உண்டு. அவன் அந்த வரியை எழுதியிருந்தான், ஆனால் படத்துக்குக் கொண்டுபோகவில்லை. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பின்னால் பார்ப்போம்.

நான்கு மூலைகளின் வெப்பநிலை: T1 = 300, T2 = 953, T3 = 1907, T4 = 792 கெல்வின். உச்ச அழுத்தம் 5720 கிலோபாஸ்கல். இவ்வளவும் மூன்று படத்துக்கும் பொது.

## பெட்டிப் படம்

நான்கு கட்டத்துக்கும் நான்கு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கட்டத்தின் பெயர், எது மாறவில்லை என்ற குறிப்பு. இடப்பக்கம் வெப்ப அம்பு, வலப்பக்கம் வேலை அம்பு. உள்ளே வந்தால் அம்பு பெட்டியைப் பார்த்து, வெளியே போனால் பெட்டியை விட்டு விலகி. கீழே அக ஆற்றல் மாற்றம். பெட்டிகளை அட்டவணையாக மாற்றினால் இப்படி வரும், எல்லாம் ஒரு கிலோ காற்றுக்குக் கிலோஜூல் கணக்கில்:

| கட்டம் | எது மாறவில்லை | Q | W | ΔU |
|---|---|---|---|---|
| 1–2 அமுக்கம் | என்ட்ரோபி | 0 | −469 | +469 |
| 2–3 எரிதல் | அழுத்தம் | +958 | +274 | +684 |
| 3–4 விரிவு | என்ட்ரோபி | 0 | +800 | −800 |
| 4–1 வெளியேற்றம் | கன அளவு | −353 | 0 | −353 |
| மொத்தம் | | +605 | +605 | 0 |

படிப்பதற்கு இதைவிட எளிதான படம் கிடையாது. முதல் அளவுகோலுக்கு முழு மதிப்பெண். பூஜ்யங்கள் எல்லாம் எழுத்தாகவே நிற்கின்றன. கடைசி வரியில் ΔU பூஜ்யம் வந்து, Q-வும் W-வும் ஒன்றாக வந்துவிட்டால் கணக்கு சரி என்று ஒரு நிம்மதி.

அந்த நிம்மதிதான் இந்தப் படத்தின் மறைந்திருக்கும் செலவு. தம்பியின் அட்டவணையில் 2–3 வரி இப்படி இருந்தது: Q = +684, W = 0. முந்தின வாரம் நடத்திய ஆட்டோ சுழற்சியில் எரிதல் கட்டத்தில் கன அளவு மாறாது. வேலை பூஜ்யம், வெப்பத்துக்கு cv. அதையே இங்கேயும் போட்டுவிட்டான். இப்போது மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். வெப்பம் 684 − 353 = 331. வேலை 800 − 469 = 331. இரண்டும் ஒன்று! ΔU-வும் பூஜ்யம். செயல்திறன் 331-ஐ 684-ஆல் வகுத்து 48 சதவீதம் என்று கட்டம் கட்டி எழுதியிருந்தான். சரியான விடை 605-ஐ 958-ஆல் வகுத்து 63 சதவீதம்.

இரண்டு தப்பும் ஒரே அளவு, 274. வெப்பத்திலும் 274 குறைந்தது, வேலையிலும் 274 குறைந்தது. முதல் விதி பார்ப்பது Q-வுக்கும் W-வுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் அதற்குத் தெரியாது. ஆகவே அட்டவணையின் கூட்டல் ஒத்துவந்தது என்பதை வைத்து மட்டும் விடை சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு செலவு குறியீடு. பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் புத்தகம் ΔU = Q − W என்று சொல்லும், வேதியியல் புத்தகம் ΔU = q + w என்று சொல்லும். ஒன்றில் வாயு செய்யும் வேலை கூட்டல், மற்றதில் வாயுவின் மேல் செய்யப்படும் வேலை கூட்டல். அட்டவணையின் தலையில் எதை எடுத்திருக்கிறோம் என்று ஒரு வரி எழுதாவிட்டால், மூன்று மாதம் கழித்து −469 என்பதற்கு நமக்கே அர்த்தம் தெரியாது. நான் இங்கே இயற்பியல் முறையைத்தான் எடுத்திருக்கிறேன்.

## பி-வி படம்

நெட்டுக்கு அழுத்தம், குறுக்கே கன அளவு. கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு வேலை. தம்பியின் தப்பை இந்தப் படம் ஒரு நொடியில் பிடித்துவிடும். 2–3 என்பது படுக்கைக் கோடு. படுக்கைக் கோட்டுக்குக் கீழே பரப்பு இல்லாமல் இருக்க வழியே இல்லை. அங்கே W = 0 என்று எழுதக் கை போகும்போதே நிற்கும்.

அளந்தும் பார்க்கலாம். கிராஃப் தாளில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு 5720 கிலோபாஸ்கல் வருகிற மாதிரி அளவு எடுங்கள். குறுக்கே 1 சென்டிமீட்டருக்கு 0.05 கனமீட்டர். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது 14.3 கிலோஜூல். 2–3 கோடு 0.0478-இல் தொடங்கி 0.0957-இல் முடிகிறது. கீழே 19 சதுரத்துக்குக் கொஞ்சம் கூட. பெருக்கினால் 274-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கண்ணால் எண்ணிய சதுரமும் சூத்திரத்தில் வந்த எண்ணும் சேரும்போது ஒரு பிடிமானம் கிடைக்கிறது. அது அட்டவணையில் கிடைக்காது.

ஆனால் அளவு எடுத்துப் போடும்போதுதான் இதன் செலவு தெரியவரும். அந்த 2–3 கோட்டின் நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. வெப்பம் வெளியேறும் 4–1 கோடு 264-இலிருந்து 100 கிலோபாஸ்கலுக்கு இறங்குகிறது. தாளில் அது ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவு. 353 கிலோஜூல் வெளியே போகிற கட்டம், பென்சில் கீறல் மாதிரி மூலையில் கிடக்கும். பாடப்புத்தகத்தில் வரும் கொழுத்த படத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது டீசல் சுழற்சி என்றே தெரியாது. அதனால் எல்லாரும் அளவில்லாத படம்தான் போடுகிறார்கள். சரி, போடலாம். ஆனால் "அளவுக்கு வரையப்படவில்லை" என்று ஓரத்தில் எழுதி, மூலைகளில் அழுத்தமும் கன அளவும் எண்ணாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பரப்பைப் பார்த்து ஒப்பிடுவது ஏமாற்று வேலையாகிவிடும்.

வெப்பம் இந்தப் படத்தில் தெரியாது. 1–2 வளைவைப் பார்த்து வெப்பம் பூஜ்யம் என்று யாரும் சொல்ல முடியாது. வெப்பநிலை மாறாத வளைவும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் வளையும், கொஞ்சம் சாய்வு குறைவாக. ஆகவே Q = 0 என்பதை வளைவின் பக்கத்தில் எழுதியே ஆக வேண்டும். நிலையான கன அளவுக் கட்டத்தில் வெப்ப அம்பை வெளியே நீட்டிப் போடுங்கள்.

கம்ப்யூட்டரில் எக்செல் வைத்துப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்கு மூலைகளை மட்டும் கொடுத்தால் அது நேர்கோடாக இழுத்துவிடும். 1–2-க்கு மட்டும் பதினைந்து, இருபது புள்ளிகளாவது வேண்டும்:

```
P = 100*(0.861/v)^1.4
```

நேர்கோடாக விட்டால் 1–2-க்குக் கீழே உள்ள பரப்பு 469-க்குப் பதில் இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். வளைவு அவ்வளவு குழிந்தது.

## டி-எஸ் படம்

நெட்டுக்கு வெப்பநிலை, குறுக்கே என்ட்ரோபி. இங்கே பரப்பு வெப்பம். 1–2, 3–4 இரண்டும் நேர் செங்குத்து. வெப்பம் பூஜ்யம் என்பதை எழுதவே வேண்டாம், கோடே சொல்லும். பி-வி எதை மறைத்ததோ அதை இது காட்டுகிறது. அதற்குப் பதிலாக வேலையை மறைக்கிறது. 1–2-இல் 469 கிலோஜூல் வேலை உள்ளே போகிறது, ஆனால் செங்குத்துக் கோட்டுக்குக் கீழே பரப்பு ஏது? கட்டம் கட்டமாக வேலை கேட்டால் இந்தப் படம் வாய் திறக்காது. உள்ளே அடைபட்ட பரப்பு 605 என்று மொத்த வேலையை மட்டும் சொல்லும்.

இதைப் போடக் கூடுதலாக இரண்டு கணக்கு வேண்டும். 2–3-இல் என்ட்ரோபி எவ்வளவு ஏறுகிறது: 1.005 × ln 2 = 0.697. 4–1-இல் எவ்வளவு இறங்குகிறது: 0.718 × ln(792/300) = 0.697. இரண்டும் ஒன்றாக வர வேண்டும், வந்தால்தான் படம் மூடும். இந்தக் கூடுதல் உழைப்பைச் செலவு என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் தம்பியின் தப்பு இங்கேயும் மாட்டும். அவன் cv போட்டிருந்தால் ஏற்றம் 0.718 × ln 2 = 0.498 தான். ஏறினது 0.498, இறங்கினது 0.697. 3-இலிருந்து நேரே கீழே கோடு இறக்கினால் அது 4-இல் போய் விழாது. முதல் விதிக்குத் தெரியாமல் தப்பியது என்ட்ரோபிக் கணக்கில் பிடிபட்டுவிடுகிறது.

வளைவுகளின் சாய்விலும் ஒரு சோதனை உண்டு. ஒரே வெப்பநிலையில் கன அளவு மாறாத வளைவு, அழுத்தம் மாறாத வளைவைவிடச் செங்குத்தாக ஏறும், cv சிறியது என்பதால். இரண்டையும் ஒரே மாதிரி இணையாக வரைந்திருந்தால் அது ஆட்டோ சுழற்சியின் படம்.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வெப்பநிலை அச்சைப் பூஜ்யம் கெல்வினிலிருந்து தொடங்க வேண்டும். இடம் மிச்சம் பிடிக்க 300-இலிருந்து தொடங்குகிறவர்கள் அதிகம். அப்படித் தொடங்கினால் அடியில் 300 × 0.697, அதாவது 209 கிலோஜூல் பரப்பு தாளிலிருந்தே காணாமல் போய்விடும். உள்ளே வந்த வெப்பம் 749 மாதிரியும், வெளியே போனது 144 மாதிரியும் தெரியும். பரப்பைப் பார்த்துச் செயல்திறன் சொன்னால் 81 சதவீதம் வரும். அச்சைக் கட்டாயம் நறுக்க வேண்டுமென்றால் முறிவுக்குறி போட்டு, பரப்பை ஒப்பிடும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

மீள் தன்மை இல்லாத கட்டம் வந்தால் கோட்டைப் புள்ளிக் கோடாகப் போட வேண்டும். அதற்குக் கீழே உள்ள பரப்பு வெப்பம் ஆகாது. உராய்வோடு விரிந்தால் வெப்பம் பூஜ்யமாக இருந்தாலும் என்ட்ரோபி ஏறும்.

## நீராவிக்கு வந்தால்

நம்ம மாவட்டத்திலேயே கூடங்குளம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு உலையும் 1000 மெகாவாட். டர்பைனுக்குப் போகும் நீராவி சுமார் 60 பார் அழுத்தம். பாடத்தில் ராங்கின் சுழற்சி வரும்போது டீசலுக்குப் பழகிய பி-வி கை விட்டுவிடும். பம்ப், கொதிகலன், டர்பைன், கண்டென்சர் எல்லாம் வழியாக நீராவி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு கட்டத்தின் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு அங்கே தண்டுக்குப் போகும் வேலை ஆகாது. பெட்டிப் படம்தான் அங்கே இயல்பானது, ஏனென்றால் ஒவ்வொரு பெட்டியும் உண்மையிலேயே ஒரு இயந்திரம். ΔU இருந்த இடத்தில் என்தால்பி வரும். பக்கத்தில் டி-எஸ் படம், நீர்-நீராவி குவிமாடத்தோடு. அதில் பம்ப் கட்டத்தைத் தேடாதீர்கள். ஒரு கிலோ தண்ணீரை 60 பாருக்கு ஏற்ற ஆகும் வேலை 6 கிலோஜூல்தான். தாளில் 1-உம் 2-உம் ஒரே புள்ளி மாதிரி ஒட்டிக் கிடக்கும். பெரிதாக்கிப் பக்கத்தில் ஒரு சிறு வட்டத்துக்குள் வரைவது வழக்கம்.

## எப்போது எது

| | பெட்டிப் படம் | பி-வி | டி-எஸ் |
|---|---|---|---|
| கட்டவாரியாக வேலை | எண்ணாக | பரப்பாக | தெரியாது |
| கட்டவாரியாக வெப்பம் | எண்ணாக | தெரியாது | பரப்பாக |
| எரிதலில் cv போட்ட தப்பு | பிடிபடாது | பிடிபடும் | பிடிபடும் |
| கூடுதல் கணக்கு | இல்லை | கன அளவுகள் | என்ட்ரோபி |
| நீராவிச் சுழற்சி | மிக நன்று | உதவாது | நன்று |

ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் இருக்கிறது, சுழற்சி பிஸ்டன் எஞ்சினுடையது என்றால் பி-வி போட்டு அதன் மேலேயே Q-க்களை எழுதிவிடுங்கள். நீராவி என்றால் பெட்டிப் படம். செயல்திறன் ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்று கேள்வி வந்தால் டி-எஸ் இல்லாமல் பதில் சொல்வது கஷ்டம். வெப்பம் ஏறும் சராசரி வெப்பநிலை இங்கே 958-ஐ 0.697-ஆல் வகுத்தால் சுமார் 1375 கெல்வின், வெளியேறுவது சுமார் 506. இந்த இரண்டும் படத்தில் உயரமாகவே தெரிகின்றன.

படிப்பதற்கு வைத்துக்கொள்ளும் நோட்டு என்றால் என் தேர்வு, ஒரே பக்கத்தில் இடப்பக்கம் பி-வி, வலப்பக்கம் அட்டவணை. அட்டவணையை நிரப்பும்போது W எண்ணை முதலில் படத்தின் கோட்டுக்குக் கீழே எழுதி, அப்புறம்தான் அட்டவணைக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. அட்டவணையை முதலில் நிரப்பிவிட்டால் படம் வெறும் அலங்காரமாகிவிடும்.

தம்பியை அப்படியே போடச் சொன்னேன். 2–3 படுக்கைக் கோட்டை இழுத்தான், கீழே பென்சிலால் சாய்கோடு போட்டான், நின்றான்.

"அண்ணாச்சி, இங்க வேலை இருக்குல்லா?"

"எவ்வளவுன்னு போடுலே."

அழுத்தத்தைக் கன அளவு வித்தியாசத்தால் பெருக்கி 274 என்று எழுதினான். பிறகு 4–1-க்கு வந்தபோது, அந்த 353 எங்கே போகிறது என்று கேட்டேன். அவர்கள் வாழைத்தோப்பில் டீசல் மோட்டார் ஓடுகிறது. புகைக்குழாய்க்கு எதிரே நிற்கிற வாழையில் இலை எப்போதும் கருகியே இருக்கும் என்றான். உண்மையான எஞ்சினில் வெப்பம் அந்த ஒரு வழியாக மட்டும் போவதில்லை, குளிர்விக்கிற தண்ணீரிலும் போகிறது. அதனால் அந்த மோட்டாரிடம் 63 சதவீதத்தை எதிர்பார்க்க முடியாது. இருந்தாலும் 4–1 கோட்டிலிருந்து வெளியே ஒரு அம்பு இழுத்து, அதன் நுனியில் சின்னதாக ஒரு வாழையிலை வரைந்துகொண்டான். பக்கத்தில் −353.